அட்டவணையில் இல்லாத ஓர் எண்

2009 ஜூலையில் ஜப்பானியக் குழந்தை மருத்துவர் கெய்ஜி ஹயாஷி, காக்ரேன் அமைப்புக்கு ஒரு குறிப்பு எழுதினார். ஃப்ளூ காய்ச்சலுக்குத் தரப்படும் டாமிஃப்ளூ மருந்தைப் பற்றி அந்த அமைப்பு ஒரு மீளாய்வு வெளியிட்டிருந்தது. காய்ச்சல் முற்றி நுரையீரல் பாதிப்பு போன்ற சிக்கல்களாக மாறுவதை இந்த மருந்து குறைக்கிறது என்பது அதிலிருந்த முடிவுகளில் ஒன்று. அந்த முடிவு 2003இல் வெளிவந்த ஒரே ஒரு கட்டுரையை நம்பி நின்றது. அந்தக் கட்டுரையோ பத்து மருத்துவச் சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டது. பத்தில் எட்டு எந்த ஆய்விதழிலும் முழுதாக வெளிவராதவை. படித்துப் பார்க்கவே முடியாத எட்டுச் சோதனைகளை எப்படி நம்பினீர்கள் என்று கேட்டார் ஹயாஷி.

மீளாய்வுக் குழுவின் டாம் ஜெஃபர்சன், 2003ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் ஆசிரியருக்கு எழுதி விவரங்களைக் கேட்டார். கோப்புகள் இப்போது தன்னிடம் இல்லை, மருந்து நிறுவனமான ரோஷிடம் கேளுங்கள் என்று பதில் வந்தது. ரோஷ், ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் தருவதாகச் சொன்னது. குழு அதற்கு இணங்கவில்லை. முழுச் சோதனை அறிக்கைகள் கைக்கு வர 2013 ஆயிற்று. 2014 ஏப்ரலில் வந்த புதிய மீளாய்வின்படி, பெரியவர்களுக்குக் காய்ச்சல் அறிகுறிகள் தணியும் காலம் ஏழு நாளிலிருந்து 6.3 நாளாகக் குறைகிறது, அதாவது சுமார் 17 மணி நேரம். மருத்துவமனையில் சேரும் தேவை குறைகிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் கிடைக்கவில்லை. பல நாடுகள் இந்த மருந்தை வாங்கிக் குவித்து முடித்த பிறகு தெரியவந்த செய்தி இது.

இத்தனை பெரிய விவகாரம் அபூர்வம். ஆனால் அதன் முதல் படி, கட்டுரையில் இல்லாததைக் கேட்டு ஆசிரியருக்கு எழுதுவது, மீளாய்வு செய்கிற ஒவ்வொருவரும் ஏறவேண்டிய படிதான். பெரும்பாலும் கேட்கவேண்டியது எட்டுச் சோதனைகளை அல்ல. அட்டவணையில் விடுபட்ட ஒரே ஓர் எண்ணை. அந்தச் சிறிய வேண்டுகோளைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். கடிதத்தின் மொழிநடை பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். பதில் வருமா, வந்த பதில் பயன்படுமா என்பது எழுதுமுன் காகிதத்தில் போட்டுப் பார்க்கும் கணக்கைப் பொறுத்தது என்பது என் முடிவு.

ஒரு கற்பனைச் சோதனையை எடுத்துக்கொள்வோம். நீரிழிவு நோயாளிகள் 80 பேர். 40 பேர் மூன்று மாதம் நடைப்பயிற்சி செய்கிறார்கள், மற்ற 40 பேர் வழக்கமான சிகிச்சையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு, நடந்தவர்களுக்குச் சராசரியாக 8.4இலிருந்து 7.6ஆக இறங்கியது, மற்றவர்களுக்கு 8.3இலிருந்து 8.1ஆக. முதல் குழுவின் இறக்கம் 0.8, இரண்டாவதன் இறக்கம் 0.2, இரண்டுக்கும் வித்தியாசம் 0.6. இதைப் போன்ற பத்துப் பன்னிரண்டு சோதனைகளைச் சேர்த்து ஒரு தொகுப்பாய்வு செய்ய வேண்டும்.

தொகுப்பாய்வில் எல்லாச் சோதனைக்கும் ஒரே மதிப்பு கிடையாது. எந்தச் சோதனையின் எண்கள் அதிகம் சிதறாமல் நெருக்கமாக இருக்கின்றனவோ, எதில் ஆட்கள் அதிகமோ, அதற்குக் கூடுதல் எடை. சிதறலை அளப்பது திட்ட விலக்கம். 0.6 என்ற வித்தியாசம் மட்டும் இருந்து, இறக்கத்தின் திட்ட விலக்கம் இல்லையென்றால் அந்தச் சோதனையைத் தராசில் வைக்கவே முடியாது. கட்டுரைகளில் அதிகம் விடுபடுவதும் இந்த எண்தான். ஆரம்ப அளவுக்கும் முடிவு அளவுக்கும் திட்ட விலக்கம் தருகிறவர்கள், இரண்டுக்கும் இடைப்பட்ட மாற்றத்துக்குத் தருவதில்லை.

நம் கற்பனைக் கட்டுரையின் அட்டவணையில் '8.4 ± 0.19', '7.6 ± 0.19' என்று இருக்கிறது. ± குறிக்குப் பின்னால் இருப்பது என்ன என்று எங்கும் எழுதவில்லை. பலர் அதைத் திட்ட விலக்கம் என்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். திட்ட விலக்கம் 0.19 என்றால், 40 நீரிழிவு நோயாளிகளில் பெரும்பாலோரின் அளவு ஏறத்தாழ 8.0க்கும் 8.8க்கும் நடுவில் அடங்கிவிட வேண்டும். எந்தச் சர்க்கரை நோய்ப் பிரிவிலும் அப்படி நடக்காது. ஒருவருக்கு 7 இருக்கும், அடுத்தவருக்கு 10 இருக்கும். ஆகவே 0.19 என்பது திட்டப் பிழையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். திட்டப் பிழையை ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் திட்ட விலக்கம் வரும்:

```
SD = SE × √n = 0.19 × √40 ≈ 1.20
```

1.20 என்பது இப்படிப்பட்ட நோயாளிகளிடம் காணக்கூடிய எண். சந்தேகம் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. என்றாலும் அது நம் ஊகம்தான். இரண்டையும் குழப்பி 0.19ஐ அப்படியே உள்ளிட்டால், இந்த ஒரு சோதனை மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். எடை, விலக்கத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாகப் போவதால் அது 40 மடங்கு கூடிப்போகும். தொகுப்பாய்வுப் படத்தில் ஒரே ஒரு சோதனையின் கோடு மட்டும் சின்னஞ்சிறியதாகவும் அதன் கட்டம் பூதாகரமாகவும் தெரிந்தால் முதலில் சந்தேகிக்கவேண்டியது இந்தக் குழப்பத்தைத்தான்.

அடுத்தது மாற்றத்தின் திட்ட விலக்கம். ஆரம்பம் 1.2, முடிவு 1.2 என்று வைத்துக்கொண்டாலும், ஒரே ஆளின் இரண்டு அளவுகளும் எவ்வளவு ஒட்டிச் செல்கின்றன என்று தெரியாமல் இதைக் கணக்கிட முடியாது. அந்த ஒட்டுறவுக் கெழுவை r என்றால் சூத்திரம் இது:

```
SD(மாற்றம்) = √(SD1² + SD2² − 2 × r × SD1 × SD2)
```

r 0.8 என்றால் விடை 0.76. 0.5 என்றால் 1.2. 0.3 என்றால் 1.42. கட்டுரையில் r கிடைப்பது மிக அரிது. ஏதோ ஒன்றை நாமே அனுமானித்தால், 0.3க்கும் 0.8க்கும் இடையில் இதே சோதனையின் எடை மூன்றரை மடங்கு மாறுகிறது. மீளாய்வாளரின் கை அங்கே தெரியாமல் தராசில் பட்டுவிடுகிறது. இதனால்தான் அந்த எண்ணைக் கேட்டு எழுத வேண்டும் என்று சொல்கிறேன்.

அதற்கும் முன்னால் இன்னொரு வழியையும் முயன்று பார்க்க வேண்டும். இரு குழுக்களின் மாற்றத்தை ஒப்பிட்டு 'p = 0.03' என்று கட்டுரை கொடுத்திருந்தால் ஆசிரியரைத் தொந்தரவு செய்யவே தேவையில்லை. 78 பாகைச் சுதந்திரத்தில் அந்த p மதிப்புக்கு உரிய t ஏறத்தாழ 2.21. 0.6ஐ அதனால் வகுத்தால் வித்தியாசத்தின் திட்டப் பிழை 0.27, அதிலிருந்து திட்ட விலக்கம் சுமார் 1.21 என்று வந்துவிடும். ஆனால் நம் கட்டுரை 'p < 0.05' என்று மட்டும் சொல்கிறது. அப்போது t குறைந்தது 1.99 என்றுதான் தெரியும், திட்ட விலக்கம் 1.35ஐத் தாண்டாது என்றுதான் சொல்ல முடியும். மேல் எல்லை கிடைத்தது, எண் கிடைக்கவில்லை. அந்த மேல் எல்லையைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பதில் வரும்போது அது கைகொடுக்கும்.

இவ்வளவும் செய்த பிறகு கடிதத்தில் கேட்கவேண்டியவை தாமாகவே சுருங்கிவிடும். மின்னஞ்சலின் பொருள் வரியில் 'உதவி தேவை' என்று எழுதக் கூடாது. ஆய்விதழின் பெயர், ஆண்டு, அட்டவணை எண் மூன்றும் அதில் இருக்க வேண்டும். கடிதத்தின் உள்ளடக்கம் தமிழில் இப்படி அமையும்:

'மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

நீரிழிவு நோயாளிகளிடம் நடைப்பயிற்சியின் பலன் பற்றி நாங்கள் ஒரு முறைசார் மீளாய்வு செய்துவருகிறோம். அதன் பதிவு எண்ணைக் கீழே தந்திருக்கிறோம். தங்கள் சோதனை எங்கள் தேர்வு விதிகளுக்குப் பொருந்துகிறது. அதைத் தொகுப்பாய்வில் சேர்க்க விரும்புகிறோம். இரண்டு விவரங்கள் மட்டும் தேவைப்படுகின்றன.

ஒன்று: அட்டவணை 2இல் ± குறிக்குப் பின் உள்ளவை திட்டப் பிழை என்று புரிந்துகொண்டிருக்கிறோம். இது சரியா?

இரண்டு: ஹெச்பிஏ1சி அளவின் மாற்றத்துக்கான திட்ட விலக்கம், ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேரை வைத்துக் கணக்கிடப்பட்டது என்ற எண்ணிக்கையுடன்.
நடைப்பயிற்சிக் குழு: சராசரி மாற்றம் −0.8, திட்ட விலக்கம் ____, எண்ணிக்கை ____
ஒப்பீட்டுக் குழு: சராசரி மாற்றம் −0.2, திட்ட விலக்கம் ____, எண்ணிக்கை ____

நோயாளிகளின் தனி விவரங்கள் எங்களுக்குத் தேவையில்லை. கோப்பு வேறொருவரிடம் இருந்தால் அவர் பெயரைத் தெரிவித்தாலே போதும். அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் பதில் கிடைத்தால் முதல் பகுப்பாய்வில் சேர்த்துவிடுவோம், தாமதமானாலும் பயன்படும். தங்கள் கட்டுரையின் பிரதியை இணைத்திருக்கிறோம்.'

இதில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. முதல் கேள்விக்கு 'ஆம்' என்று ஒரே சொல்லில் பதில் சொல்லலாம். பயணத்தில் கைபேசியில் படிக்கிறவரும் சொல்லிவிட முடியும். இரண்டாவதில் தெரிந்த சராசரிகளை நாமே நிரப்பிவிடுகிறோம். அதனால் எந்த மாற்றத்தைக் கேட்கிறோம், குறைந்ததற்கு எந்தக் குறி என்பதில் குழப்பம் வராது. எண்ணிக்கையைக் கேட்பதற்குக் காரணம், நடுவில் விலகியவர்கள். அட்டவணை 40 என்றாலும் இறுதி அளவு 36 பேரிடம் மட்டும் எடுக்கப்பட்டிருக்கலாம். தனி விவரம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்வது ஆசிரியரை ஒரு சிக்கலிலிருந்து விடுவிக்கிறது. நோயாளிவாரித் தரவைக் கேட்டால் அவர் நெறிமுறைக் குழுவிடம் போக வேண்டியிருக்கும், நிறுவனத்திடம் ஒப்பந்தம் எழுத வேண்டியிருக்கும். தொகுத்த எண்ணுக்கு அதெல்லாம் பெரும்பாலும் இல்லை. கோப்பு வேறொருவரிடம் இருந்தால் சொல்லுங்கள் என்ற வரி டாமிஃப்ளூ கதை கற்றுக்கொடுத்தது: பெயர் வரிசையில் முன்னால் நிற்பவரிடம் தரவு இருக்கவேண்டும் என்பதில்லை. பல சோதனைகளில் அது புள்ளியியலாளரின் கணினியில்தான் இருக்கும்.

நம் ஊர் ஆய்வாளர்களுக்குக் குறிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். கடிதத்தின் முதல் பத்தியைப் புகழ்ச்சியால் நிரப்புவது நம்மிடம் மரியாதையாகக் கருதப்படுகிறது. தொடர்பு ஆசிரியர்களின் முகவரிகள் கட்டுரைகளிலேயே அச்சாகியிருப்பதால், காசு வாங்கிப் போடும் போலி ஆய்விதழ்கள் அவர்களுக்கு ஓயாமல் எழுதுகின்றன. அந்தக் கடிதங்களும் 'தங்கள் அரிய பங்களிப்பைப் படித்து வியந்தோம்' என்றுதான் தொடங்கும். நம் கடிதமும் அப்படித் தொடங்கினால் அதே கூடையில் போய் விழும். பொருள் வரியிலேயே அவருடைய கட்டுரையின் ஓர் அட்டவணை எண் வந்துவிட்டால் இது வேறு வகைக் கடிதம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். கல்லூரி அல்லது மருத்துவமனை முகவரியிலிருந்து அனுப்புவதும் இதற்காகத்தான்.

மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழுவின் பரிந்துரைப்படி, கட்டுரை வெளியான பின் அதைப் பற்றிக் கேள்வி எழுந்து ஆய்விதழ் தரவோ கூடுதல் விவரமோ கேட்டால் ஒத்துழைப்பது தொடர்பு ஆசிரியரின் பொறுப்பு. மற்ற ஆய்வாளர்கள் நேரே கேட்கும்போது நடைமுறை வேறாக இருக்கிறது. குரோஷிய ஆய்வாளர்கள் மூவர் 2022இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை அளந்து காட்டியது. 2019 ஜனவரியில் ஒரே பதிப்பகக் குழுமத்தின் ஆய்விதழ்களில் வந்த கட்டுரைகளை எடுத்து, 'கேட்டால் தரவைத் தருவோம்' என்று தாமே எழுதியிருந்த 1,792 கட்டுரைகளின் ஆசிரியர்களுக்கு அவர்கள் எழுதினார்கள். பதில் எழுதியவர்கள் 254 பேர். கேட்டதைத் தந்தவர்கள் 122 பேர், நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. கட்டுரையில் வாக்குறுதி கொடுத்து, அதன் பலத்தில் கட்டுரையை வெளியிட்டுக்கொண்டு, கேட்டபோது வாய் திறக்காமல் இருப்பதை நான் சாதாரண மறதியாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்த வாக்கியத்தை அச்சிடும் ஆய்விதழ்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. கேட்டவர் புகார் செய்தால் அதைத் தொடர்ந்து விசாரிக்க யாரும் இல்லாவிட்டால் அந்த வாக்கியத்தை அச்சிடுவதில் பொருளில்லை.

எல்லா மௌனமும் மறுப்பு அல்ல என்பதும் உண்மை. தாவர, விலங்கு உடலமைப்பு அளவுகள் கொண்ட 516 கட்டுரைகளின் ஆசிரியர்களிடம் ஒரு குழு தரவைக் கேட்டுப் பார்த்து 2014இல் முடிவை வெளியிட்டது. அவை இரண்டு முதல் 22 ஆண்டு பழையவை. கட்டுரைக்கு ஒரு வயது கூடக்கூட, வேலைசெய்யும் மின்னஞ்சல் முகவரி கிடைக்கும் சாதக விகிதம் ஆண்டுக்கு 7 விழுக்காடு குறைந்தது. தரவு இன்னும் எங்காவது இருக்கும் சாதக விகிதம் ஆண்டுக்கு 17 விழுக்காடு குறைந்தது. முகவரியைவிடத் தரவு வேகமாக அழிகிறது. முனைவர் பட்ட மாணவர் வெளியேறியிருப்பார், கோப்பு பழைய ஃப்ளாப்பியிலோ யாரோ எடுத்துச்சென்ற மடிக்கணினியிலோ முடங்கியிருக்கும்.

ஆகவே மௌனத்தை வகைபிரித்துப் பார்க்க வேண்டும். சில நிமிடங்களில் 'அஞ்சல் சேரவில்லை' என்று தானியங்கிச் செய்தி திரும்பினால் முகவரி செத்துவிட்டது; அதற்குக் காத்திருப்பது வீண். அதே ஆசிரியரின் மிகப் புதிய கட்டுரையைத் தேடி அதிலுள்ள முகவரியை எடுக்கலாம், துறையின் இணையப் பக்கத்தைப் பார்க்கலாம். செய்தி திரும்பாமல் பதிலும் வராவிட்டால் இரண்டு மூன்று வாரம் கழித்து அதே கடிதத்தின் கீழேயே ஒரு நினைவூட்டலை அனுப்பலாம். அதன்பின் இணை ஆசிரியர்களிடம் போகலாம். கட்டுரையின் கடைசியில் 'பகுப்பாய்வு செய்தவர்' என்று யார் பெயர் இருக்கிறதோ அவரிடம் முதலில். மூன்று முறைக்கு மேல் எழுதுவதில் பலன் மிகக் குறைவு. அனுப்பிய தேதி, முகவரி, வந்த பதில் எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே ஓர் அட்டவணையில் குறித்துவர வேண்டும், ஏனென்றால் மீளாய்வில் அதைத் தெரிவிக்க வேண்டியிருக்கும்.

முழுக் கட்டுரையையே கேட்பது இதைவிட எளிதான வேலை. ஒரு தலைமுறைக்கு முன்புவரை இதற்கென அச்சடித்த அஞ்சலட்டைகள் இருந்தன. தலைப்பையும் ஆய்விதழையும் நிரப்பி வெளிநாட்டு ஆய்வாளருக்கு அனுப்பினால், அவர் தன்னிடமுள்ள தனி அச்சுப்பிரதி ஒன்றைத் தபாலில் போடுவார். இப்போது அரசு நிறுவனங்களுக்கு 2025 தொடக்கத்தில் வந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின் வழி முப்பது பதிப்பகங்களின் ஆய்விதழ்கள் திறந்துவிட்டன. முதல் கட்டத்தில் சேராத தனியார் கல்லூரிகளில் படிக்கிறவர்களுக்கும் தனியாக ஆய்வு செய்கிறவர்களுக்கும் கதவு முன்போலவே சாத்தியிருக்கிறது. எழுதுமுன் பப்மெட் சென்ட்ரல், பல்கலைக்கழகக் காப்பகம், ஆசிரியரின் சொந்தப் பக்கம் மூன்றிலும் ஒருமுறை தேட வேண்டும். கிடைக்காவிட்டால் இரண்டே வரியில் கேட்டால் போதும், மன்னிப்புக் கேட்கும் தொனி தேவையில்லை. பதிப்பகத்தின் பக்கவடிவம் இல்லையென்றால் ஏற்கப்பட்ட கையெழுத்துப்படியே போதும் என்று சேர்த்துக்கொள்வது நல்லது. அதை அனுப்பப் பல ஆசிரியர்கள் தயங்குவதில்லை. மாநாட்டுச் சுருக்கம் மட்டும் வெளிவந்த ஆய்வானால் கேள்வி மாறுகிறது: இது பிறகு முழுக் கட்டுரையாக வந்ததா, எந்தத் தலைப்பில் என்று கேட்க வேண்டும். தலைப்பும் ஆசிரியர் வரிசையும் மாறி வெளிவந்த கட்டுரையை வேறொரு சோதனை என்று நினைத்து, ஒரே நோயாளிகளை இரண்டு முறை எண்ணிவிடும் தவறு இந்தக் கேள்வியால்தான் தவிர்க்கப்படுகிறது.

பதில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நன்றி சொல்லிவிட்டு அந்த எண்ணை அப்படியே உள்ளிடுவது சரியல்ல. மேல் எல்லை 1.35 என்று நாம் குறித்து வைத்தோம் அல்லவா? ஆசிரியர் மாற்றத்தின் திட்ட விலக்கம் 2.1 என்று எழுதினால், இரண்டு குழுவிலும் அப்படி என்றால், கட்டுரையிலுள்ள 'p < 0.05' அந்த எண்ணோடு ஒத்துப்போகாது. உடனே பொய் என்று முடிவு கட்டிவிட வேண்டியதில்லை. அந்த p மதிப்பு இரு குழுக்களை ஒப்பிட்டதாக இல்லாமல், நடைப்பயிற்சிக் குழுவின் முன்பின் அளவுகளை மட்டும் ஒப்பிட்டதாக இருந்திருக்கலாம்; கட்டுரைகளில் இது சகஜம். 2.1 என்றாலும் 40 பேரின் சராசரி இறக்கம் 0.8 என்பதற்கு t மதிப்பு 2.4 வரும், அப்போது p 0.05க்குக் கீழே இறங்கிவிடும். ஆகவே மறு கடிதத்தில் 'அந்த p மதிப்பு எந்த ஒப்பீட்டுக்கு உரியது?' என்று ஒரே கேள்வி. 0.19 என்று பதில் வந்தால், திரும்பவும் திட்டப் பிழையையே அனுப்பிவிட்டார் என்று பொருள். 1.2 என்று வந்தால் எல்லாம் இசைந்துபோகிறது, r 0.5 என்று எடுத்தபோது கிடைத்த அதே எண், எல்லைக்கும் உட்பட்டது. இந்தச் சரிபார்ப்புக்கு ஐந்து நிமிடம் போதும். ஆசிரியரின் கடிதத்தில் வந்தது என்பதாலேயே ஓர் எண்ணுக்கு அச்சில் வந்ததைவிட அதிக நம்பகத்தன்மை வந்துவிடுவதில்லை. அச்சிலாவது மதிப்பாய்வாளர் ஒருவர் பார்த்திருப்பார்.

பதிலே வராத சோதனையைத் தூக்கி எறிந்துவிடுவதும் தவறு. எண்களை முழுதாக எழுதிய சோதனைகள் மட்டும் தொகுப்பில் மிஞ்சினால் விடை ஒரு பக்கம் சாயலாம், ஏனென்றால் பலன் கிடைக்காத அளவீடுகளைத்தான் ஆசிரியர்கள் அரைகுறையாக எழுதிவிட்டுப் போகிறார்கள். மற்றச் சோதனைகளின் திட்ட விலக்கத்தைக் கடன் வாங்கியோ, r 0.5 என்று வைத்தோ கணக்கிட்டுச் சேர்த்துவிட்டு, 0.3க்கும் 0.8க்கும் தனித்தனியாகச் செய்து பார்த்து, இறுதி விடை அசைகிறதா என்று சொல்ல வேண்டும். அசையவில்லை என்றால் அந்த மௌனத்தால் பெரிய சேதமில்லை. அசைந்தால், முடிவு ஓர் ஊகத்தில் தொங்குகிறது என்பதை வாசகருக்கு மறைக்காமல் எழுத வேண்டும். மீளாய்வுகளை எப்படித் தெரிவிப்பது என்று வகுத்துள்ள பிரிஸ்மா 2020 நெறிமுறை, ஆய்வாளர்களிடமிருந்து தரவைப் பெறவோ உறுதிசெய்யவோ என்ன செய்தீர்கள் என்று கேட்கிறது. அதன் ஓட்டப்படத்தில் தேடியும் கைக்குக் கிடைக்காத கட்டுரைகளுக்கென்றே ஒரு பெட்டி இருக்கிறது. நிறைய மீளாய்வுகளில் 'ஆசிரியர்களைத் தொடர்புகொண்டோம்' என்ற ஒரு வரியோடு இந்தப் பகுதி முடிந்துவிடுகிறது. எத்தனை பேருக்கு எழுதினோம், எத்தனை பேர் பதில் தந்தார்கள், எந்த எண் கடிதத்தில் வந்தது, எது நாம் கணக்கிட்டது என்று சோதனைவாரியாக எழுதினால்தான், ஹயாஷி கேட்டதைப் போன்ற ஒரு கேள்வியை நாளை இன்னொருவர் நம் மீளாய்வைப் பார்த்துக் கேட்கும்போது கையில் பதில் இருக்கும்.